நிலுவைப் பட்டியலில் விடுபட்ட 23 பேர்

மரண சகாய நிதி நடத்தும் ஒரு சிறிய சங்கத்தை எடுத்துக்கொள்ளலாம். உறுப்பினர்கள் 143 பேர், மாதச் சந்தா 10 ரிங்கிட். நிலுவை 60 ரிங்கிட்டைத் தொட்டுவிட்டால் குடும்பத்துக்கு உதவித் தொகை கிடையாது என்பது விதி. ஆகவே, யார் எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறார் என்று மாதம் ஒருமுறை பட்டியல் எடுத்து, பொருளாளர் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து நினைவூட்ட வேண்டும்.

பெரும்பாலான சங்கங்களில் இந்தக் கணக்கு எக்செல் விரிதாளில்தான் இருக்கும். நிலுவை இருந்தால் பெயரைக் காட்டு, இல்லையேல் வெறுமையாக விடு என்று ஒரு சூத்திரத்தை முதல் வரிசையில் எழுதி, சுட்டெலியால் பிடித்துக் கீழே இழுத்துவிடுவார்கள். சங்கத்தில் 120 பேர் இருந்த காலத்தில் 120 வரிசைக்கு இழுத்தார்கள். அதன் பிறகு சேர்ந்த 23 பேருக்கு அந்தச் சூத்திரம் போய்ச் சேரவே இல்லை. பட்டியலோ முழுமையாக இருப்பது போலவே தோன்றும். பிழை என்று திரையில் எதுவும் வராது. உறுப்பினர் எண் 121 ஐந்து மாத பாக்கியோடு இருக்கிறார், அவரை ஒருவரும் கூப்பிடவில்லை என்பது, அவர் வீட்டில் ஒரு துக்கம் நடந்த பிறகுதான் தெரியவரும்.

இந்த இழுக்கும் வேலையை அறவே இல்லாமல் செய்யும் புதிய வகைச் சூத்திரங்களை மைக்ரோசாப்ட் 2018 செப்டம்பரில் அறிவித்தது. 2020-இல் அவை சந்தா கட்டிப் பயன்படுத்தும் 365 பதிப்பில் பரவலாக வந்தன. பிறகு எக்செல் 2021-இலும் இடம்பெற்றன. ஒரே கட்டத்தில் ஒரே சூத்திரம் எழுதினால் போதும். விடை எத்தனை வரிசையோ அத்தனை வரிசைக்கு அது தானாகவே வழிந்து பரவும். விடை கூடினால் பட்டியல் நீளும், குறைந்தால் சுருங்கும்.

இதற்கு முன்னேற்பாடு ஒன்று உண்டு. உறுப்பினர் விவரம் உள்ள பகுதியில் ஒரு கட்டத்தைச் சொடுக்கி, `Ctrl+T` அழுத்தி அதை எக்செல் அட்டவணையாக மாற்றி, அந்த அட்டவணைக்கு `Sangam` என்று பெயர் வைக்க வேண்டும். எண், பெயர், வட்டாரம், நிலுவை என நான்கு நெடுவரிசைகள். பிறகு வேறொரு தாளில் `A2` கட்டத்தில் இப்படி எழுதலாம்:

```
=SORT(FILTER(Sangam, Sangam[நிலுவை]>0), 4, -1)
```

இதை உள்ளேயிருந்து வெளியே படிக்க வேண்டும். `FILTER` என்பது சல்லடை. அட்டவணையை எடுத்து, நிலுவை பூஜ்யத்துக்கு மேல் உள்ள வரிசைகளை மட்டும் தருகிறது. அப்படிச் சலித்து வந்ததை `SORT` அடுக்குகிறது. 4 என்பது நான்காவது நெடுவரிசையை வைத்து அடுக்கு என்பதாகும். -1 என்பது பெரிய தொகை மேலே வரட்டும் என்பதாகும். 121-ஆம் உறுப்பினருக்கு 50, 17-ஆம் உறுப்பினருக்கு 40, 139-ஆம் உறுப்பினருக்கு 20 ரிங்கிட் பாக்கி; மற்றவர்கள் கட்டிவிட்டார்கள் என்றால், மூன்று வரிசைகள் அதே ஒழுங்கில் வந்து நிற்கும். சூத்திரம் `A2`-இல் மட்டும்தான் இருக்கிறது. மற்ற கட்டங்களில் தெரிவது அதன் விடையே.

அட்டவணையாக மாற்றாமல் `A2:D144` என்று எல்லை கட்டியும் எழுதலாம். ஆனால் அப்போது அடியில் புதிதாக எழுதப்படும் 144-ஆவது உறுப்பினர் எல்லைக்கு வெளியே நிற்பார். பழைய நோய் புதிய உடையில் வந்த கதைதான் அது. அட்டவணையின் பெயரைச் சொல்லி எழுதினால், அடியில் ஒரு பெயர் சேர்ந்ததும் அட்டவணை வளரும், அதோடு பட்டியலும் வளரும்.

பட்டியல் பரவ வேண்டிய இடத்தில் ஏற்கெனவே ஏதாவது எழுதப்பட்டிருந்தால் `#SPILL!` என்று வரும். குறுக்கே கிடப்பதை அழித்தால் சரியாகிவிடும். ஒருவருமே பாக்கி வைக்கவில்லை என்றால் `#CALC!` வரும். அது சங்கத்துக்கு நல்ல செய்தி. இவ்விரண்டும் வாய்விட்டுச் சொல்லும் பிழைகள் என்பதால் பயமில்லை. வாய் திறக்காத பிழைகள்தான் ஆளைக் கவிழ்ப்பவை.

பாக்கி இல்லாதவருக்கு 0 என்று போடாமல் ஒரு சிறு கோடு போடும் பழக்கம் நம் கணக்குப் புத்தகங்களில் நெடுநாளாக உண்டு. அதே பழக்கத்தில் 88-ஆம் உறுப்பினருக்கு நேரே "-" என்று தட்டெழுதியிருந்தால் என்ன ஆகும்? எக்செல் எழுத்தையும் எண்ணையும் ஒப்பிடும்போது, எழுத்து எந்த எண்ணையும்விடப் பெரியது என்றே கொள்கிறது. ஆகவே அந்தக் கோடு பூஜ்யத்தைவிடப் பெரியதாகிச் சல்லடையைத் தாண்டி வந்துவிடும். அதோடு நிற்காது. பெரியது மேலே என்று அடுக்கும்போது 50 ரிங்கிட்டுக்கும் மேலே போய் முதலிடத்தில் உட்காரும். ஒரு காசு பாக்கி இல்லாதவர் சங்கத்தின் முதல் கடனாளியாகக் காட்சியளிப்பார். "60 வெள்ளி" என்று சொல்லோடு சேர்த்து எழுதினாலும் இதே கதி. நிலுவை நெடுவரிசையில் எண்ணாக இல்லாதவை எத்தனை என்று அறிய ஒரு காலிக் கட்டத்தில் இதை எழுதி வைக்கலாம்:

```
=COUNTA(Sangam[நிலுவை])-COUNT(Sangam[நிலுவை])
```

விடை 0 என்றால் எல்லாம் எண்களே. 1 என்றாலும், பட்டியலை நம்புவதற்கு முன் அந்தக் கட்டத்தைத் தேடித் திருத்திவிட வேண்டும்.

இதைவிடப் பொல்லாதது இன்னொன்று. பொருளாளர் 121-ஆம் உறுப்பினரை அழைத்துப் பேசிவிட்டு, பட்டியலில் அவர் பெயருக்கு அடுத்த `E2` கட்டத்தில் "பேசியாயிற்று" என்று குறித்து வைக்கிறார். மறுநாள் அவர் 50 ரிங்கிட்டையும் கட்டிவிடுகிறார். நிலுவை 0 ஆனதும் அவர் பெயர் மறைந்து, 17-ஆம் உறுப்பினர் முதல் வரிசைக்கு ஏறிவிடுவார். ஆனால் `E2`-இல் கையால் எழுதிய குறிப்பு நகராது. அது சூத்திரத்தின் விடை அல்லவே. இப்போது பார்ப்பவருக்கு, 17-ஆம் உறுப்பினரிடம் பேசியாயிற்று என்றே தோன்றும். இன்னும் இரண்டு மாதம் போனால் அவர் 60 ரிங்கிட்டைத் தொட்டு உரிமையை இழக்கும் நிலையில் இருக்கிறார்; அவரை யாரும் அழைக்கவில்லை. ஆகவே இத்தகைய பட்டியலின் அருகில் எதையும் எழுதக்கூடாது. குறிப்புக்கென்று மூல அட்டவணையிலேயே ஐந்தாவதாக ஒரு நெடுவரிசை சேர்த்துவிட்டால், `FILTER` அதையும் சேர்த்தே கொண்டுவரும். குறிப்பு அவரவர் பெயரோடு நகரும்.

செயலவையில் ஒருவரின் கணினியில் எக்செல் 2019 அல்லது அதற்கு முந்திய பதிப்பு இருந்தால், கோப்பைத் திறக்கும்போது கடைசியாகக் கணக்கிட்ட பெயர்கள் தெரியும். சூத்திரத்தைச் சொடுக்கிப் பார்த்தால் `_xlfn` என்ற முன்னொட்டு இருக்கும். அந்தக் கணினியால் பட்டியலைப் புதுப்பிக்க முடியாது. மறுபடி கணக்கிட முயன்றால் `#NAME?` என்று காட்டும். அவருக்கு விலையில்லாமல் கிடைக்கும் வழிகளும் உண்டு. கூகிள் ஷீட்ஸில் `FILTER`, `SORT` இரண்டும் எக்செலுக்கு முன்பிருந்தே இருக்கின்றன. லிப்ரே ஆபிஸ், 2024-இல் வெளிவந்த 24.8 பதிப்பு முதல் இவற்றைத் தருகிறது.