புது அக்கவுண்டில் பழைய கை

டோட்டா 2. அணிக்கு ஐந்து பேர். எதிரே நிற்பவரின் அக்கவுண்டைப் பார்த்தால் போன மாதம் தொடங்கியதுபோல இருக்கிறது. ஆனால் ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிடத்தில், நம் அடி எட்டும் தூரத்துக்கு ஒரு முழம் தள்ளியே நிற்கிறார். காசு தரும் கடைசி அடி ஒன்றைக்கூட விடுவதில்லை. புதிதாக வந்தவருக்கு இந்த நிதானம் வராது. "ஸ்மர்ஃப்டா" என்று நம் அணியில் யாராவது முணுமுணுப்பார்கள்.

1996-இல் வார்கிராஃப்ட் 2 ஆடிய இரண்டு கில்லாடிகளைக் கண்டாலே மற்றவர்கள் ஆட்டத்தைவிட்டு ஓடினார்களாம். அதனால் ஸ்மர்ஃப் கார்ட்டூன் பாத்திரங்களின் பெயரில் ஒளிந்து வந்தார்கள். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. இன்றைக்குச் சிலர் தாழ்ந்த ரேங்கில் இருக்கும் நண்பனோடு சேர்ந்து ஆட வருகிறார்கள். சிலருக்கு எளிதாக ஜெயிக்கும் போதை. காசு வாங்கிக்கொண்டு அடுத்தவர் அக்கவுண்டில் ஆடி ரேங்க் ஏற்றிக் கொடுப்பது பூஸ்டிங்.

ரேங்க் ஆட்டத்தில் இரு அணியும் ஏறக்குறைய சமபலமாக இருக்கும்படி கணினி ஆள் சேர்க்கிறது. அதற்குத் தெரிந்தது அக்கவுண்டின் புள்ளி மட்டும். விசைப்பலகையில் இருக்கும் கை தெரியாது. ஒரு ஆட்டத்துக்குச் சுமார் 25 புள்ளி கைமாறுகிறது என்று கொள்வோம். நூற்றுக்கு எண்பது ஜெயிக்கும் ஒருவர் 1000 புள்ளி ஏற்ற 67 ஆட்டம் வேண்டும். அதில் 54 வெற்றி. சமமான ஆட்டமாக இருந்திருந்தால் 33, 34 தான் கிடைத்திருக்கும். மிச்சம் இருபது ஆட்டத்தில், ஐந்தைந்து பேராக நூறு தோல்விகள் அநியாயமாக யார்யார் தலையிலோ விழுகின்றன. அவருடன் ஆடியவர்களுக்கோ உழைக்காத புள்ளி. அதை நம்பி மேலே போய் அடி வாங்குவார்கள்.

பூஸ்டிங்கில் இன்னொரு சுற்றும் உண்டு. அக்கவுண்ட் சொந்தக்காரர் கையில் திரும்பியதும், தன் திறமைக்கு மிஞ்சிய ரேங்கில் ஆட ஆரம்பிக்கிறார். இம்முறை பாதிக்கப்படுவது அவருடைய சொந்த அணியின் நால்வர். புள்ளி இறங்கிப் பழைய இடத்துக்கு வரும்வரை ஆட்டத்துக்கு ஆட்டம் புதிது புதிதாக நால்வர்.

தென் கொரியா இதைச் சட்டத்திலேயே சேர்த்துவிட்டது: தொழிலாகப் பூஸ்டிங் செய்தால் இரண்டு ஆண்டுவரை சிறை, அல்லது 2 கோடி வொன் வரை அபராதம். 2019 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் காசு வாங்காமல் வேடிக்கைக்கு ஸ்மர்ஃப் செய்பவரை அது தொடாது. அவர்களை நிறுவனம்தான் பிடிக்க வேண்டும். டோட்டாவை நடத்தும் வால்வ் 2023 செப்டம்பரில் 90,000 ஸ்மர்ஃப் அக்கவுண்டுகளை முடக்கியது. அவற்றின் நிஜ அக்கவுண்டுகளையும் கண்டுபிடித்துவிட்டதாக எச்சரித்தது. அந்த டிசம்பரில் சிலருக்கு விளையாட்டுக்குள்ளேயே பண்டிகைப் பரிசு வந்தது. ஆசையாகப் பிரித்தால் உள்ளே ஒரு நிலக்கரித் துண்டு, கூடவே நிரந்தரத் தடை.