லிஸ்ட்ல 22 பேர், பஸ்ல 26 பேர்: ஸ்கூல் பஸ் கணக்கு எங்கே தடுமாறுது?

மாதக் கடைசி. பள்ளியின் போக்குவரத்து அலுவலகத்தில் ஒரு பக்க அறிக்கை தயாராகிறது. எந்த ரூட்டில் எத்தனை பிள்ளைகள், பஸ்ஸில் எத்தனை சீட், எவ்வளவு கட்டணம் வர வேண்டும், எவ்வளவு வந்தது. தாளாளர் மேஜைக்குப் போகும் அந்த ஒரே பக்கத்தை வைத்துத்தான் ஒரு பஸ்ஸை நிறுத்துவதா, பெரிய வண்டி போடுவதா என்ற முடிவுகள் எடுக்கப்படுகின்றன. அந்தப் பக்கத்தில் கூட்டல் எல்லாம் சரியாக இருந்தும் முடிவு தப்பாகப் போவது எப்படி?

புறநகர்ப் பள்ளி ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். எண்கள் எல்லாம் உதாரணத்துக்குத்தான். கணக்கு எளிதாக இருக்க, எல்லாருக்கும் மாதம் ரூ.1,300 கட்டணம் என்று வைத்துக்கொள்வோம். நிஜத்தில் தூரத்தைப் பொறுத்து ஸ்டேஜ் வாரியாக மாறும். பள்ளியில் பல ரூட்கள் இருந்தாலும் நமக்கு 4-ம் ரூட்டும், பக்கத்துப் பகுதியில் ஓடும் 7-ம் ரூட்டும் போதும். இரண்டிலும் மாணவர்களுக்கு 40 சீட். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் எண்ணை அப்படியே எடுக்காமல், டிரைவர் சீட்டையும் உதவியாளர் சீட்டையும் கழித்த பிறகு வரும் எண் இது. இந்தக் கழித்தலை மறப்பவர்களும் உண்டு.

செப்டம்பர் மாத அறிக்கை இப்படி வந்தது. 4-ம் ரூட்டில் 22 பேர், அதாவது 55 சதவீதம் சீட் நிரம்பியிருக்கிறது. கேட்பு ரூ.28,600, வசூல் ரூ.18,200, அதாவது 64 சதவீதம். 7-ம் ரூட்டில் 43 பேர், 108 சதவீதம். கேட்பு ரூ.55,900; வசூல் ரூ.58,500, அதாவது 105 சதவீதம்.

பார்த்ததும் என்ன தோன்றும்? 4-ம் ரூட் பாதி காலி, பணமும் வரவில்லை. அதை நிறுத்திவிட்டு பிள்ளைகளை வேறு ரூட்டில் பிரித்துவிடலாம். 7-ல் கூட்டம் தாங்கவில்லை, பெரிய பஸ் போடலாம். தாளாளரும் கிட்டத்தட்ட அந்த முடிவுக்கு வந்துவிட்டார்.

ஆயா சொன்ன ஒரு வார்த்தை

முடிவை நிறுத்தியது 4-ம் ரூட் பஸ்ஸில் வரும் ஆயா. "என்ன சார், 22 பேர்னு எழுதியிருக்கீங்க? நான் தினம் காலையில 26 பேர இறக்கி விடுறேன். லீவு போட்டவங்கள சேர்க்காம!"

இது சின்ன விஷயம் இல்லை. பட்டியலில் 22 பேர் இருந்து 18 பேர் வந்தால் லீவு என்று சொல்லிவிடலாம். பட்டியலைவிட அதிகம் பேர் இறங்கினால் அதற்கு லீவு காரணமாக முடியாது. பட்டியலில் இல்லாதவர்கள் பஸ்ஸில் இருக்கிறார்கள் என்பது மட்டும்தான் அர்த்தம்.

7-ம் ரூட்டில் நேர்மாறு. பட்டியலில் 43, வாசலில் இறங்குவது 32, 33. ஏதோ ஒரு நாள் என்றால் காய்ச்சல் சீசன் எனலாம். ஐந்து நாளும் அப்படியே என்றால் பட்டியலைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

விசாரித்தால் கதை எளிது. ஜூலையில் இரண்டு ரூட்டுக்கும் நடுவில் இருக்கும் ஒரு ஸ்டாப்பை 7-லிருந்து 4-க்கு மாற்றினார்கள். ஆறு பிள்ளைகள் அன்று முதல் 4-ம் பஸ்ஸில் ஏறுகிறார்கள். டிரைவருக்குச் சொன்னார்கள், பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார்கள். கட்டணப் பதிவேட்டில் மட்டும் யாரும் மாற்றவில்லை. ஆக 4-ல் உண்மையில் 28 பேர், 7-ல் 37 பேர். சீட் நிரம்பியது முறையே 70 சதவீதமும், ஏறக்குறைய 93 சதவீதமும்.

பணத்தைவிடப் பெரிய ஆபத்தும் இங்கே இருந்தது. 4-ம் பஸ் வழியில் பழுதாகி நின்றாலோ, விபத்து என்றாலோ அலுவலகம் கையில் எடுக்கப்போவது இதே பட்டியலைத்தான். ஆறு வீடுகளுக்கு போன் போயிருக்காது. 2012-ல் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து 2-ம் வகுப்பு மாணவி இறந்த பிறகு, அதே ஆண்டு தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்குத் தனி சிறப்பு விதிகள் வந்தன. பஸ்ஸில் உதவியாளர் இருக்க வேண்டும் என்பது அதில் உண்டு. அந்த உதவியாளர் கையில் தப்பான பட்டியல் இருந்தால் என்ன பயன்?

105 சதவீத வசூல் எப்படி வரும்?

வர வேண்டியதைவிட அதிகம் வந்தால் சந்தோஷப்படக் கூடாது, ரசீது புத்தகத்தைத் திறக்க வேண்டும். 7-ம் ரூட்டில் செப்டம்பரில் 45 ரசீதுகள். அவற்றில் 6, ரூட் மாறிப்போன பிள்ளைகளுடையவை. இன்னும் 7 ரசீதுகள் ஆகஸ்ட் பாக்கி. பெற்றோர் செப்டம்பரில் கட்டியதால் செப்டம்பர் வசூலாக ஏறிவிட்டன. இந்த 13-ஐயும் எடுத்துவிட்டால் செப்டம்பர் கட்டணம் கட்டியவர்கள் 32 பேர். 37 பேரில் 32 என்றால் 86 சதவீதம்.

4-ல் வேறு விதமான தடுமாற்றம். ரசீது 14, மாறி வந்தவர்களின் 6-ஐயும் சேர்த்தால் 20. மீதி 8 பேர் கட்டவில்லையா? அதில் 5 பேர் ஜூனிலேயே நாலு மாதத்துக்கும் சேர்த்துக் கட்டிவிட்டவர்கள். அந்தப் பணம் முழுக்க ஜூன் வசூலில் உட்கார்ந்திருக்கிறது. அதனால் ஜூன் மாதம் அமோகமாகவும், அடுத்த மூன்று மாதங்கள் மந்தமாகவும் தெரியும். இவர்களையும் சேர்த்தால் 28-ல் 25 பேர் கட்டியாயிற்று, 89 சதவீதம்.

இப்போது படம் தலைகீழ். 4-ல் உண்மையான பாக்கி 3 பேர், ரூ.3,900. 7-ல் 5 பேர், ரூ.6,500. நிறுத்தப்பட இருந்த ரூட்தான் ஒழுங்காகக் கட்டணம் கட்டும் ரூட்!

எல்லாம் ஒரே குழப்பத்தில் இருந்து வருகிறது: பணம் வந்த மாதம் வேறு, அந்தப் பணம் எந்த மாதத்துக்கு உரியது என்பது வேறு. ரசீதில் இரண்டுமே இருக்க வேண்டும். வங்கிக் கணக்கோடு ஒத்துப்பார்க்க முதல் தேதி தேவை. ரூட் அறிக்கைக்கு இரண்டாவதுதான் வேண்டும். எக்செலில் செய்பவர்களுக்கு வித்தியாசம் ஒரு வரிதான். A2-வில் ரூட் எண், ரசீது ஷீட்டில் C பத்தியில் ரூட், D-யில் எந்த மாதத்துக்கு உரியது, F-ல் தொகை என்றால்:

```
=SUMIFS(Rcpt!F:F, Rcpt!C:C, A2, Rcpt!D:D, "SEP")
```

நாலு மாதம் சேர்த்துக் கட்டினால் ஒரே ரசீதுதான் கொடுப்பார்கள். ஆனால் இந்த ஷீட்டில் அதை மாதத்துக்கு ஒன்றாக நாலு வரியாகப் பிரித்து எழுத வேண்டும். கொஞ்சம் அலுப்பான வேலைதான். இதைச் செய்யாவிட்டால் மேலே உள்ள சூத்திரம் பழைய தப்பையே வேகமாகச் சொல்லும்.

ரூட் எண்ணைக் கையால் எழுதாதீங்க

C பத்தியில் ரூட் எண்ணை ஆபீஸில் டைப் செய்தால், ஜூலையில் நடந்தது திரும்ப நடக்கும். ரசீதில் மாணவரின் அட்மிஷன் நம்பர் மட்டும் போதும். ரூட் எது என்பது தனியாக ஒரு ஒதுக்கீட்டு ஷீட்டிலிருந்து வர வேண்டும். அதில் ஒவ்வொரு மாணவருக்கும் ரூட், ஸ்டாப், எந்தத் தேதியிலிருந்து, எந்தத் தேதி வரை என்று நாலு விவரங்கள்.

இங்கே பலரும் செய்யும் தப்பு, ரூட் மாறினால் பழைய எண்ணை அழித்துவிட்டுப் புதியதை எழுதுவது. அப்படிச் செய்தால் ஜூன் மாத அறிக்கையை மறுபடி எடுக்கும்போது அந்தப் பிள்ளை ஜூனிலும் 4-ம் பஸ்ஸில் வந்ததாகக் காட்டும். ஏற்கெனவே கையெழுத்தான அறிக்கையோடு ஒத்துப்போகாது. பழைய வரிக்கு முடிவுத் தேதி போட்டு மூடிவிட்டு, கீழே புது வரி திறப்பதே சரி. பாதியில் பஸ்ஸை விட்டு நின்றவர்களுக்கும் இதே வழி. பெயர் மூடப்படாமல் கிடந்தால் கேட்பு ஏறிக்கொண்டே போகும், வராத பாக்கி வருஷக் கடைசி வரை துரத்தும்.

சீட் கணக்கை எங்கே எண்ணுவது?

டவுன் பஸ்ஸில் வழியெல்லாம் ஆட்கள் ஏறி இறங்குவார்கள். எங்கே கூட்டம் உச்சம் என்று தேட வேண்டும். ஸ்கூல் பஸ்ஸில் அந்தத் தொல்லை இல்லை. காலையில் எல்லாரும் ஏறுகிறார்கள், யாரும் நடுவில் இறங்குவதில்லை. ஆகவே பள்ளி வாசலில் இறங்கும் எண்ணிக்கைதான் உச்சம். மாலையில் வாசலில் கிளம்பும்போது உள்ள எண்ணிக்கை.

ஆனால் காலையும் மாலையும் ஒன்றாக இருக்காது. 7-ம் ரூட்டின் 37 பேரில் 5 பேர் காலை மட்டும் வருபவர்கள், மாலையில் அப்பாவோ தாத்தாவோ கூட்டிப்போவார்கள். 3 பேர் மாலை மட்டும். அப்படியென்றால் காலையில் பஸ்ஸில் அதிகபட்சம் 34, மாலையில் 32. சீட் நிரம்பியது 93 அல்ல, 85, 80. புதிதாக ஒரு குடும்பம் வந்து இரு வழிக்கும் சீட் கேட்டால் "ஃபுல்" என்று திருப்பி அனுப்பத் தேவையில்லை. அறிக்கையில் ஒரே சதவீதம் போடாமல் காலை, மாலை என்று இரண்டு எண் போட வேண்டும் என்பது இதனால்தான்.

ஆயாவின் தினசரி எண்ணிக்கையில் ஐந்து வேலை நாட்களின் அதிகபட்சத்தை எடுத்து அதே பக்கத்தில் மூன்றாவது எண்ணாக வைத்தால் போதும். சராசரி வேண்டாம், லீவு நாட்கள் அதைக் கீழே இழுத்துவிடும். பட்டியலைவிட அது கூடினால் யாரோ பதிவில்லாமல் வருகிறார்கள். ரொம்பக் குறைந்தால் யாரோ நின்றுவிட்டார்கள் அல்லது பஸ் மாறிவிட்டார்கள்.

இதிலேயே இன்னொன்று. ஆயாவுக்குக் கொடுக்கும் பட்டியலில் பெயர், வகுப்பு, ஸ்டாப், பெற்றோர் போன் இருக்கட்டும். பாக்கித் தொகை வேண்டாம். அது போனால், பஸ்ஸில் எல்லார் முன்னாலும் "உங்கப்பா இன்னும் கட்டலையாமே" என்று ஒரு நாள் கேட்கப்படும். அந்தப் பிள்ளை அடுத்த நாள் பஸ் ஏறாது.

கற்பனைப் பள்ளியில் திருத்திய பக்கம் மறுநாள் தாளாளர் மேஜைக்குப் போனது. 4-ம் ரூட்: காலை 28, மாலை 28, வாசல் எண்ணிக்கை 27, வசூல் 89 சதவீதம். 7-ம் ரூட்: காலை 34, மாலை 32, வாசல் எண்ணிக்கை 33, வசூல் 86 சதவீதம். கீழே தனி வரியில், முந்தைய மாதப் பாக்கி வசூல் ரூ.9,100. பஸ் நிறுத்தும் பேச்சு அதோடு போனது. ஆறு பிள்ளைகளின் பெயர் 4-ம் பஸ் ஆயாவின் நோட்டில் அன்றைக்கே ஏறியது.