கணக்கை மூடும் முன் ஓராண்டு ஸ்டேட்மென்ட்டைப் புரட்டுங்கள்

வேலை மாறியதும் பழைய சம்பளக் கணக்கை மூடப் பலர் வங்கிக்குப் போகிறார்கள். படிவம் சின்னதுதான். கணக்கு எண், மூடும் காரணம், மீதிப் பணம் போகவேண்டிய கணக்கு, திருப்பித் தரும் செக் லீஃப்களின் எண்கள், கையெழுத்து. தானாகப் பணம் பிடிக்கும் ஏற்பாடு, அதாவது ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன், ஏதாவது உண்டா என்று கேட்டால் யோசிக்காமல் ‘இல்லை’ என்று எழுதிவிடுவார்கள். தொல்லை பெரும்பாலும் அந்த ‘இல்லை’யில்தான் ஆரம்பிக்கிறது.

கடைசி மூன்று மாத ஸ்டேட்மென்ட்டைப் பார்த்தால் வீட்டுக்கடன் தவணையும் மியூச்சுவல் ஃபண்ட் எஸ்ஐபியும் கண்ணில் படும். ஆண்டுக்கொரு முறை பிடிக்கப்படுவது படாது. பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டுக்கு ஆண்டுக்கு 436 ரூபாய், சுரக்ஷா விபத்துக் காப்பீட்டுக்கு 20 ரூபாய் மே மாதக் கடைசியில் கழியும். எப்போதோ கிளையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததைப் பலர் மறந்தே போயிருப்பார்கள். கணக்கை மூடினால் இந்தக் காப்பீடும் முடிந்துவிடும் என்பது திட்டத்தின் விதி. அதனால் பார்க்கவேண்டியது முழு ஓராண்டு ஸ்டேட்மென்ட். அதில் SI, ACH, NACH என்ற எழுத்துகளோடு வரும் பற்று வரிகளை எல்லாம் பென்சிலால் சுழித்துக்கொள்ள வேண்டும்.

SI என்பது பொதுவாக வங்கியின் சொந்த ஏற்பாடு, கிளையிலேயே நிறுத்திவிடலாம். ACH, NACH என்று இருந்தால், கடன் கொடுத்த நிறுவனமோ ஃபண்ட் நிறுவனமோ உங்கள் ஒப்புதலை வைத்துக்கொண்டு பணத்தை இழுக்கிறது என்று பொருள். அவர்களிடம் புதிய கணக்குக்கு மேன்டேட் கொடுத்து, முதல் தவணை அங்கிருந்து கழிந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே பழையதை மூடுவது நல்லது. முந்திக்கொண்டால் தவணை ‘கணக்கு மூடப்பட்டது’ என்று திரும்பும், அபராதம் விழும்.

செக் லீஃப் விஷயம் இதைவிடக் கறாரானது. கையில் மிஞ்சியதைத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்று எண்ணுகிறோம். கையில் இல்லாதவைதான் கவலை தரவேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 25 தாள் கொண்ட புத்தகம், எண்கள் 000176 முதல் 000200 வரை. ஸ்டேட்மென்ட்டில் காசோலை எண்ணோடு கழிந்தவை 9. கையில் இருப்பவை 11. மீதி 5 எங்கே? ஒன்று தப்பாக எழுதிக் கிழித்தது. இரண்டு, பைக் கடனுக்குப் பிணையாகக் கொடுத்தவை. இரண்டு, வீட்டு உரிமையாளரிடம் தேதி போடாமல் கொடுத்தவை.

காசோலைக்கு ஆயுள் மூன்று மாதம் என்பது 2012 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. ஆனால் அது காசோலையில் எழுதிய தேதியிலிருந்து எண்ணப்படுவது. தேதியில்லாத தாளில் யாரும் நாளைய தேதியை எழுதிவிடலாம். கணக்கே இல்லையே, என்ன செய்வார்கள் என்று இருந்துவிடவும் முடியாது. ‘கணக்கு மூடப்பட்டது’ என்று திரும்பினாலும் செலாவணி முறிச்சட்டம் 138ஆம் பிரிவின் கீழ் வழக்குத் தொடரலாம் என்று உச்ச நீதிமன்றம் 1999இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே கடன் முடிந்திருந்தால் அந்தத் தாள்களைக் கேட்டு வாங்க வேண்டும். கிடைக்காதவற்றின் எண்களைக் கடிதத்தில் எழுதிக் கிளையில் முத்திரையோடு நகல் பெற்றுக்கொள்வது நல்லது. திருப்பித் தருபவற்றைக் குறுக்கே கோடிட்டுக் கொடுத்து, படிவத்தில் எண்களையும் குறிப்பிட வேண்டும்.

கடைசியாக வட்டி. சேமிப்புக் கணக்குக்கு 2010 ஏப்ரல் முதல் அன்றன்றைய இறுதி இருப்பை வைத்தே வட்டி கணக்கிடப்படுகிறது. வரவு வைப்பது பெரும்பாலும் காலாண்டுக்கு ஒரு முறை. நடுவில் மூடினால் அதுவரை சேர்ந்ததைத் தந்துவிட வேண்டும். வட்டி 2.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஜூலை 1 முதல் 20 நாள் இருப்பு 60,000. அடுத்த 30 நாள் 42,000. ஆகஸ்ட் 20இல் மூடல். 60,000ஐ 20ஆலும் 42,000ஐ 30ஆலும் பெருக்கிக் கூட்டினால் 24,60,000. அதை 2.5ஆல் பெருக்கி 36,500ஆல் வகுத்தால் 168 ரூபாய் 49 காசு. இறுதி ஸ்டேட்மென்ட்டில் இந்தத் தொகையை ஒட்டி ஒரு வரவு இருக்க வேண்டும். அதன்பின் கட்டணம் ஏதேனும் இருந்தால் அதன் பற்று, பிறகு மீதி முழுவதும் மாற்றப்பட்டு இருப்பு சுழியம். வட்டி வரியே இல்லாமல் சுழியம் வந்திருந்தால் கவுண்டரை விட்டு நகரக்கூடாது.

சிறு தொகைதான். ஆனாலும் அந்த 168 ரூபாயும் வருமான வரிக் கணக்கில் காட்டவேண்டிய வருமானமே. மூடிய கணக்கின் விவரத்தை நெட் பேங்கிங்கில் பிறகு எடுக்க முடியாமல் போகலாம். எனவே வட்டிச் சான்றிதழையும் முத்திரையிட்ட இறுதி ஸ்டேட்மென்ட்டையும் அன்றைக்கே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.