முதல் வேலைக்கான கடிதத்தில் இறுதியாண்டு ப்ராஜெக்ட்

ப்ராஜெக்ட் கோஆர்டினேட்டர் பணியில் சேர்பவர் எதையும் நேரடியாகக் கட்டுவதில்லை. பெரிய முடிவுகளையும் அவர் எடுப்பதில்லை. எந்த வேலை எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும், அது இப்போது யார் கையில் இருக்கிறது, தாமதமானால் அடுத்து எது பாதிக்கப்படும் என்பதை எந்த நேரத்திலும் தெரிந்து வைத்திருப்பதும், தெரிந்ததை உரியவருக்கு உரிய நேரத்தில் சொல்வதும்தான் அவர் வேலை. வாராந்திரக் கூட்டத்தின் குறிப்புகளை எழுதுவது, பொருள் தருபவரைத் தொலைபேசியில் விடாமல் கேட்பது, கால அட்டவணையைத் திருத்துவது எல்லாம் இதற்காகத்தான்.

இந்தப் பணிக்கு விண்ணப்பிக்கும் புதிய பட்டதாரியிடம் வேலை அனுபவம் இருக்காது. காட்டுவதற்கு இருப்பது பெரும்பாலும் இறுதியாண்டு ப்ராஜெக்ட் மட்டுமே. மூன்று நான்கு பேர் கொண்ட குழு, வழிகாட்டும் ஒரு கைடு, துறை முன்கூட்டியே அறிவித்துவிடும் ரிவியூ தேதிகள், கடைசியில் வைவா என்று அதற்கு ஒரு அமைப்பு உண்டு. தள்ளிப்போட முடியாத கெடு, பலரோடு பகிர வேண்டிய ஆய்வகம், குழுவில் யாருக்கும் யார்மீதும் அதிகாரம் இல்லாத நிலை ஆகிய மூன்றும் கோஆர்டினேட்டரின் அன்றாடத்தோடு நன்றாகவே பொருந்துகின்றன. ஆனால் பெரும்பாலான கடிதங்களில் இவை இடம்பெறுவதில்லை. ஆய்வின் தலைப்பும் கிடைத்த முடிவும்தான் பத்தியை நிரப்புகின்றன. கான்கிரீட்டின் வலிமை எவ்வளவு கூடியது என்று நான்கு வரி எழுதுபவர், தமக்குத் தெரியாமலே தரப் பரிசோதனைக் கூடத்து வேலைக்கு விண்ணப்பிக்கிறார்.

ஒரு சிவில் பொறியியல் குழுவை எடுத்துக்கொள்வோம். சிமென்ட்டில் ஒரு பங்கைக் குறைத்து, அனல் மின்நிலையத்திலிருந்து வரும் ஃப்ளை ஆஷ் எனும் சாம்பலைச் சேர்த்தால் கான்கிரீட்டின் வலிமை என்னவாகிறது என்பது அவர்களின் ஆய்வு. சாம்பல் இல்லாத கலவை ஒன்று, 10, 20, 30 சதவீதம் சேர்த்த கலவைகள் மூன்று. ஒவ்வொரு கலவையிலும் 7ஆம் நாள் உடைத்துப் பார்க்க மூன்று கட்டிகள், 28ஆம் நாளுக்கு மூன்று. ஆக மொத்தம் 24 கட்டிகள். ஆய்வகம் கொடுத்த அச்சுகள் 12. வார்த்த கட்டியை மறுநாள்தான் அச்சிலிருந்து கழற்ற முடியும் என்பதால் வார்ப்பு இரண்டு நாள் வேலை.

பிப்ரவரி 3, 4 தேதிகளில் வார்ப்பு, மார்ச் 4இல் கடைசிச் சோதனை, அதன்பின் அறிக்கை எழுத பத்து நாள், மார்ச் 17இல் இறுதி ரிவியூ என்பது திட்டம். அறிக்கை 14ஆம் தேதி முடிந்தால் கையில் மிச்சம் மூன்று நாள். ஜனவரி 29 அன்று அட்டவணையைப் பார்த்துக்கொள்ளும் மாணவி, சாம்பல் தருவதாகச் சொன்னவரை அழைக்கிறார். ஒரு வாரம் தாமதமாகும் என்று பதில் வருகிறது.

இந்த இடத்தில்தான் திட்டமிடலின் உண்மையான பயன் தெரிகிறது. வார்ப்பு ஏழு நாள் தள்ளினால் கடைசிச் சோதனை மார்ச் 11. அறிக்கை மார்ச் 21. ரிவியூவுக்கு நான்கு நாள் பிந்திவிடும். எந்த வேலையைச் சுருக்குவது? கான்கிரீட் தண்ணீரில் ஊற வேண்டிய 28 நாளை யாராலும் குறைக்க முடியாது. ஆள் கூட்டினாலும் பணம் கூட்டினாலும் அது 28தான். ரிவியூ தேதி துறையின் கையில். சுருக்கக்கூடியதாக மிஞ்சுவது அறிக்கை எழுதும் பத்து நாள் மட்டுமே. அதில் முன்னுரை, முந்தைய ஆய்வுகள், பொருள்களின் தன்மை ஆகிய அத்தியாயங்களுக்குச் சோதனை முடிவு தேவையே இல்லை. கட்டிகள் தண்ணீரில் கிடக்கும் நாட்களிலேயே அவற்றை எழுதிவிடலாம்.

குழு அப்படியே செய்கிறது. சாம்பல் இல்லாத கலவையின் ஆறு கட்டிகளை முதல் திட்டப்படி பிப்ரவரி 3 அன்றே வார்க்கிறது. ஒப்பீடு பிசகாமல் இருக்க, அதே சரக்கு சிமென்ட் மற்ற கலவைகளுக்கு ஈரம் படாமல் ஒதுக்கி வைக்கப்படுகிறது. மீதிப் பதினெட்டும் பிப்ரவரி 10, 11இல். சோதனைக்குப் பின் எழுத வேண்டியது நான்கு நாள் வேலையாகக் குறைகிறது. மார்ச் 15 அன்று அறிக்கை தயார்.

இந்த நிகழ்வைக் கடிதத்தில் ஒரே பத்தியில் சொல்லிவிடலாம்:

“நால்வர் கொண்ட எங்கள் இறுதியாண்டு ஆய்வில் கால அட்டவணையும் பொருள் வரவும் என் பொறுப்பு. வார்ப்புக்கு ஐந்து நாள் முன்பு, சாம்பல் ஒரு வாரம் தாமதமாகும் என்று கேட்டறிந்தேன். அதனால் அறிக்கை ரிவியூவுக்கு நான்கு நாள் பிந்தும் என்று கணக்கிட்டு, அன்றே கைடிடமும் குழுவிடமும் தெரிவித்தேன். 28 நாள் சோதனைக் காலத்தைக் குறைக்க முடியாது என்பதால், முடிவு தேவைப்படாத மூன்று அத்தியாயங்களை முன்னதாக எழுதும்படி வேலையை மாற்றி அமைத்தோம். ரிவியூவுக்கு இரண்டு நாள் முன்பு அறிக்கை முடிந்தது.”

இந்தப் பத்தியில் வலிமை பற்றி ஒரு சொல்லும் இல்லை. தாமதம் எப்போது தெரிந்தது, அதன் விளைவு எத்தனை நாள், யாரிடம் சொல்லப்பட்டது, எது மாறியது, எந்தத் தேதியில் முடிந்தது என்பவை இருக்கின்றன. இவற்றில் மிக முக்கியமானது முதலாவது. ஐந்து நாள் முன்பே தெரிந்ததால்தான் மாற்று வழி பிறந்தது. வார்ப்பு நாளன்று தெரிந்திருந்தால் கூட்டிவைத்த குழு வெறுங்கையோடு நின்றிருக்கும். தாமதமே நேராததுபோல எழுதும் கடிதம் பலவீனமானது. எல்லாம் திட்டப்படியே நடந்தது என்றால், அந்தத் திட்டத்தை யாரும் கவனித்ததாகவே தெரியாது.

“கேட்டறிந்தேன்” என்பதும் “மாற்றி அமைத்தோம்” என்பதும் தெரிந்தே வேறுபடுத்தப்பட்டவை. அதே குழுவின் நால்வரும் ஒரே நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கலாம். நால்வரும் “குழுவுக்குத் தலைமை தாங்கினேன்” என்று எழுதினால் நால்வர் பேச்சும் எடுபடாது. தனியாகச் செய்ததற்கு நான், சேர்ந்து முடிவெடுத்ததற்கு நாங்கள் என்று பிரித்து எழுதுபவரிடம் நேர்முகத்தில் எத்தனை துணைக்கேள்வி வந்தாலும் பதில் மாறாது. முதலில் போட்ட தேதியும் நடந்த தேதியும் பக்கத்துப் பக்கத்தில் உள்ள அட்டவணைத் தாளைப் பத்திரப்படுத்தியிருந்தால் கூடுதல் பலம். பழைய தேதியை அழித்துப் புதியதை எழுதிய தாள் இதற்கு உதவாது.

கல்லூரி ஆய்வுக்கு எல்லையும் உண்டு. அதில் ஒப்பந்தக்காரர் இல்லை, பில் தொகை இல்லை, தாமதத்துக்கு அபராதம் இல்லை. ஆகவே “பட்ஜெட்டை நிர்வகித்தேன்” என்று சில ஆயிரம் ரூபாய்ச் செலவைப் பெரிதாக்குவது கேட்பவருக்கு உடனே புலப்பட்டுவிடும். செலவுக் கணக்கை எழுதி வைத்திருந்தால், அப்படியே சொல்வது மேல். மென்பொருளும் இப்படித்தான். அட்டவணை எக்செலில் போடப்பட்டிருந்தால் எக்செல் என்றே எழுத வேண்டும். எம்.எஸ். ப்ராஜெக்ட், பிரைமவேரா ஆகியவற்றை வகுப்பில் மட்டும் பார்த்தவர், பாடமாகப் படித்ததாகக் குறிப்பிட்டால் போதும்.

கடிதத்தின் மற்ற பகுதிகள் சுருக்கமாக இருக்கலாம். பொருள் வரியில் பணியின் பெயரும் விளம்பரத்தின் குறிப்பு எண்ணும். முதல் பத்தியில் பட்டம், துறை, தேர்ச்சி பெற்ற ஆண்டு. ஆய்வுப் பத்திக்கு அடுத்து, விளம்பரம் கேட்கும் வேலைகளில் ஒன்றையாவது நேரடியாகத் தொடும் இரண்டு வரி: தளத்துக்குப் பொருள் வரவைக் கண்காணிப்பது என்று விளம்பரம் சொன்னால், சாம்பலுக்காகச் செய்த அந்தத் தொலைபேசி அழைப்பு அங்கே பொருந்தும். இறுதியில், எந்தத் தேதி முதல் சேர முடியும், தற்காலிகப் பட்டச் சான்றிதழ் கையில் உள்ளதா என்ற விவரம். அரியர் பாக்கி இருந்தால் அதையும் இங்கே சொல்லிவிடலாம். எல்லாம் சேர்ந்து ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டியதில்லை.