கடன் பத்திரத்தின் காவலர் யார்?

சென்ற ஆண்டு சாரல் தொடங்கியிருந்த ஒரு மாலை. எங்கள் தெருவில் குடியிருக்கும், ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஐயா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் கிளை வைத்திருந்த ஒரு நிதிக் கம்பெனியின் பத்திரம் அவர் கையில் இருந்தது. பணிக்கொடையில் மூன்று லட்சத்தை அவர் 2022-ல் அங்கே போட்டிருக்கிறார். மூன்றாண்டுத் தவணை முடிய இன்னும் சில வாரங்களே இருந்தன. "தம்பி, இன்னும் மூணு வருசத்துக்குப் புதுப்பிச்சுக்கோங்கன்னு கிளையில சொல்லுதாக. நீ காமர்ஸ்தானே படிக்க, இதைக் கொஞ்சம் பாத்துச் சொல்லு" என்றார்.

வணிகவியல் மூன்றாமாண்டு மாணவனாகிய எனக்குக் கடனீட்டுப் பத்திரம் என்றால் தேர்வில் ஐந்து மதிப்பெண் வினா, அவ்வளவுதான். பத்திரத்தின் தலைப்பில் "பிணையுள்ள டிபென்சர்" என்று பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தது. பின்புறம் "டிபென்சர் டிரஸ்டி" என்று ஒரு வழக்கறிஞரின் பெயர். இந்த இரண்டு செய்திகளும் மெய்தானா என்று கண்டுபிடிக்க எனக்கு நான்கு நாட்கள் ஆயின. வழி தெரிந்தவருக்கு ஒரு மணி நேர வேலைதான். அந்த வழியை நம் கல்லூரி நண்பர்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதலில் டிரஸ்டி எதற்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கம்பெனி ஒரு வங்கியிடம் கடன் வாங்கினால், வங்கி தன் வக்கீலை வைத்துச் சொத்தை அடமானம் எழுதி வாங்கிக்கொள்ளும். ஆயிரம் பேரிடம் ஆளுக்கு முப்பதாயிரம் என்று வாங்கினால் ஆயிரம் அடமானம் எழுத முடியுமா? ஆகவே எல்லாருக்கும் பொதுவாக ஒருவர் பெயரில் அடமானம் எழுதப்படும். அவரே டிரஸ்டி. கம்பெனி தவணை தவறினால் பத்திரதாரர்கள் சார்பில் சொத்தின் மீது கை வைப்பவரும் அவரே. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 71-ஆம் பிரிவு, பொதுமக்களுக்கோ ஐந்நூறு பேருக்கு மேற்பட்ட உறுப்பினர்களுக்கோ பத்திரம் விற்கும் கம்பெனி, விற்பதற்கு முன்பே டிரஸ்டியை நியமித்துவிட வேண்டும் என்கிறது. பிணையுள்ள பத்திரமாயின் கூட்டம் சிறியதானாலும் டிரஸ்டி வேண்டும் என்பது 2014-ஆம் ஆண்டு விதி.

இனித் தேடலுக்கு வருகிறேன். நான் செய்த முதல் தவறு கம்பெனியின் பெயரைக் கொண்டு தேடியது. அதே பெயரில், ஒரு சொல் மட்டும் மாறி, நான்கு கம்பெனிகள் வந்து நின்றன. பெயர் ஏமாற்றும், பதிவெண் ஏமாற்றாது. ஒவ்வொரு கம்பெனிக்கும் இருபத்தோர் எழுத்துகள் கொண்ட ஓர் எண் உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்ரீராம் ஃபைனான்ஸ் கம்பெனியின் எண் L65191TN1979PLC007874. முதல் எழுத்து L என்றால் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. U என்றால் இல்லை. TN நம் மாநிலம், 1979 பதிவான ஆண்டு, PLC பப்ளிக் லிமிடெட். கம்பெனியின் கடிதத்தாளில் இந்த எண் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஐயாவின் பத்திரத்தின் அடியில் பொடி எழுத்தில் U என்று தொடங்கும் எண் இருந்தது. நல்லவேளை!

அந்த எண்ணை வைத்துக்கொண்டு மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சகத் தளமாகிய mca.gov.in-க்குப் போனேன். பயனர் பெயர் பதிந்துகொண்டு உள்ளே சென்றால், கம்பெனியின் அடிப்படை விவரங்களோடு Index of Charges என்ற பட்டியலும் கிடைக்கிறது. கம்பெனி தன் சொத்துகளை யார் யாருக்கு அடமானம் வைத்திருக்கிறது, எவ்வளவு தொகைக்கு, எந்தத் தேதியில் என்பதெல்லாம் அதில் இருக்கும். பிணையுள்ள பத்திரம் வெளியிட்டிருந்தால், அடமானம் பெற்றவர் என்ற இடத்தில் டிரஸ்டியின் பெயர் நிற்கும். வங்கிப் பெயர்களுக்கு நடுவே கேட்டலிஸ்ட் டிரஸ்டிஷிப், ஐடிபிஐ டிரஸ்டிஷிப் சர்வீசஸ், ஆக்சிஸ் டிரஸ்டி சர்வீசஸ் போன்ற பெயர் தென்பட்டால் துப்புக் கிடைத்தது என்று கொள்ளலாம்.

துப்புதான், முடிவு அன்று. பல வங்கிகள் சேர்ந்து கடன் கொடுக்கும்போதும் இதே நிறுவனங்களைப் பொது அடமானதாரராக நிறுத்துவதுண்டு. ஆகவே அந்தப் பதிவுக்குரிய படிவத்தைத் திறந்து பார்க்க வேண்டும். பத்திரங்களுக்கான அடமானம் CHG-9 என்ற படிவத்தில் பதியப்படும். வங்கிக் கடன் முதலியன CHG-1-ல். CHG-9-ல் டிரஸ்டியின் பெயர், பொறுப்பு ஆவணத்தின் தேதி, மொத்தத் தொகை, எந்தச் சொத்து என்பன இருக்கும். கம்பெனிக்கு நூறு ரூபாய் கட்டினால் View Public Documents என்ற பகுதியில் இப்படிவங்களைப் பார்க்கலாம். நான் கல்லூரி நூலகக் கணிப்பொறியில் பார்த்தேன்; நூறு ரூபாய் ஐயாவுடையது.

இன்னொரு குறையும் உண்டு. பிணையில்லாப் பத்திரத்துக்கு அடமானமே இல்லையாதலால் அது இந்தப் பட்டியலில் வராது. அதைப் பிடிக்க இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, இருப்புநிலைக் குறிப்பின் நீண்டகாலக் கடன்கள் பற்றிய விளக்கக் குறிப்பு. அதில் பத்திரங்களைத் தனியே காட்டியாக வேண்டும். மற்றொன்று PAS-3 என்னும் ஒதுக்கீட்டு அறிக்கை. யார் யாருக்கு எத்தனை பத்திரம் ஒதுக்கப்பட்டது என்ற பட்டியலை அதனுடன் இணைக்க வேண்டும். அதாவது, ஐயா உண்மையிலேயே பத்திரதாரர் என்றால் அவர் பெயரே அங்கே இருக்க வேண்டும்!

ஐயாவின் கம்பெனிக்கு வருவோம். அடமானப் பட்டியலில் இரண்டே பதிவுகள், இரண்டும் வங்கிகள். CHG-9 ஒன்றுகூட இல்லை. PAS-3 மூன்று இருந்தன. மூன்றும் பங்குகளுக்கு உரியவை. இருப்புநிலைக் குறிப்பில் டிபென்சர் என்ற சொல்லே இல்லை. அரசுப் பதிவேட்டைப் பொறுத்தவரை அந்தக் கம்பெனி கடனீட்டுப் பத்திரம் வெளியிடவே இல்லை. "பிணையுள்ள" என்று அச்சடித்துவிட்டால் பிணை வந்துவிடாது. பதியாத அடமானத்தைக் கம்பெனி கலைக்கப்படும்போது கலைப்பாளர் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டார் என்று 77-ஆம் பிரிவு சொல்கிறது.

பின்புறத்து வழக்கறிஞர்? டிரஸ்டியாக இருப்பவர் செபியில் பதிவு செய்திருக்க வேண்டும். வங்கியோ, பொது நிதி நிறுவனமோ, இன்சூரன்ஸ் கம்பெனியோ, பிற கூட்டு நிறுவனமோதான் அப்படிப் பதிய முடியும். தனி மனிதர் பதிய வழியில்லை. பதிவு பெற்றவர்களின் பட்டியல் செபி தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சில கம்பெனிகள் தங்களுக்கு வேண்டியவரை டிரஸ்டி என்று எழுதிவைத்து ஊர் ஊராகப் பத்திரம் விற்றதும், பதிவில்லாத டிரஸ்டிகள் மீதும் செபி ஆணை பிறப்பித்ததும் உண்டு. காகிதப் பத்திரம் என்பதே ஐயத்துக்கு இடம். பட்டியலிடப்படாத பப்ளிக் லிமிடெட் கம்பெனிகள் 2018 அக்டோபர் 2 முதல் மின்னணு வடிவில்தான் பத்திரம் வெளியிட வேண்டும். சில வகைக் கம்பெனிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஐயாவின் பத்திரமோ 2022-ல் எழுதப்பட்ட காகிதம்.

ஒழுங்கான பத்திரம் எப்படி இருக்கும் என்று ஒப்பிட்டுப் பார்க்க ஸ்ரீராமின் பழைய ஆவணம் ஒன்றை எடுத்தேன். அப்போது ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ் என்ற பெயரில் இருந்த அக்கம்பெனி 2018-ல் பொதுமக்களுக்குக் கடனீட்டுப் பத்திரம் வெளியிட்டது. அதன் தகவலறிக்கையிலேயே டிரஸ்டி கேட்டலிஸ்ட் டிரஸ்டிஷிப் என்று முகவரியோடு இருக்கிறது. இத்தகைய பத்திரத்துக்குப் பன்னிரண்டு எழுத்துகள் கொண்ட ஐசின் எண் உண்டு. ஸ்ரீராமின் எண்கள் INE721A என்று தொடங்கும். அதற்கடுத்த இரண்டு இலக்கங்களைப் பாருங்கள்: 01 என்றால் பங்கு, 07, 08 என்றால் கடன். இந்த எண்ணை indiabondinfo.nsdl.com என்ற தளத்தில் இட்டால் வட்டி, முதிர்வுத் தேதி, டிரஸ்டி ஆகிய விவரங்களைக் காணலாம். பத்திரம் பட்டியலிடப்பட்டிருந்தால், டிரஸ்டியின் பெயரையும் முகவரியையும் ஆண்டறிக்கையில் அச்சிட வேண்டும் என்ற விதியும் உண்டு. ஒரே கம்பெனிக்கு வரிசைக்கு ஒரு டிரஸ்டி இருக்கலாம். ஆகையால் கம்பெனியின் டிரஸ்டி யார் என்று கேட்பதைவிட, இந்த ஐசினுக்கு யார் என்று கேட்பதே சரி.

டிரஸ்டி இருந்துவிட்டால் பணம் பத்திரம் என்று எண்ணிவிடக் கூடாது. திவான் ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனியும் 2018 மே மாதத்தில் பொதுமக்களுக்குப் பத்திரம் விற்றது. அதற்கும் கேட்டலிஸ்ட்தான் டிரஸ்டி. 2019 நவம்பர் 20-இல் ரிசர்வ் வங்கி அதன் இயக்குநர் குழுவை நீக்கியது. டிசம்பரில் திவால் நடவடிக்கை தொடங்கியது. 2021-ல் பிரமல் குழுமம் அதை எடுத்துக்கொண்டபோது பத்திரதாரர்கள் பலருக்கு முழுத் தொகை திரும்பவில்லை. ஆனால், பல ஊர்களில் இருந்த அவர்கள் சார்பில் உரிமை கோரவும் கடன்தாரர் குழுவில் வாக்களிக்கவும் ஒருவர் இருந்தார். ஐயாவின் கம்பெனி நொடித்தால் அப்படிக் கேட்க யாருமில்லை.

இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு கிளைக்குப் போனோம். பொறுப்பு ஆவணத்தின் நகல் கேட்டோம். பத்திரதாரர் அதைப் பார்க்கவும் கட்டணம் செலுத்தி நகல் பெறவும் விதி இடமளிக்கிறது. மேலாளர் காபி வரவழைத்தார், நகல் வரவில்லை. "தலைமை அலுவலகத்துல இருக்கும் சார்" என்றார். ஐயா பொறுமையாகக் கேட்டார்: "சரி தம்பி, எந்தத் தேதியில எழுதினதுன்னாவது சொல்லுங்க." அதற்கும் பதில் இல்லை.

ஐயா புதுப்பிக்கவில்லை. முதிர்வுத் தேதியைக் குறிப்பிட்டுப் பதிவுத் தபாலில் பணத்தைக் கேட்டார். தவறினால் சென்னையிலுள்ள கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்கும், பொருளாதாரக் குற்றப்பிரிவுக்கும் எழுதுவதாக இறுதியில் ஒரு வரி. ஆறு வாரங்களுக்குப் பின், மூன்று தவணைகளில் அசல் வந்து சேர்ந்தது. கடைசி ஆண்டு வட்டி இன்னும் வரவில்லை. அந்தக் கிளையில் பத்திரம் வைத்திருக்கும் இன்னும் நான்கு பேர், ஐயா சொல்லி, தங்கள் காகிதங்களோடு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார்கள். நான்கிலும் பின்புறத்தில் அதே வழக்கறிஞரின் பெயர்தான்.