தீபாவளிக்கு முன் ஒரே ஒரு ஞாயிறு

2026-ஆம் ஆண்டு தீபாவளி நவம்பர் 8 அன்று வருகிறது. ஞாயிற்றுக்கிழமை. ஒரு லீவு போச்சே என்று ஆபீஸ் போகிறவர்கள் வருத்தப்படுவார்கள். ஜவுளிக்கடைக்காரரின் கவலை வேறு. பண்டிகையே ஞாயிறு என்றால் வியாபாரத்தில் ஒரு ஞாயிறு போய்விட்டது. அக்டோபர் சம்பளம் 30, 31 தேதிவாக்கில் கைக்கு வரும். அதன்பிறகு குடும்பத்தோடு சாவகாசமாகக் கடைக்கு வர மிஞ்சியிருப்பது நவம்பர் 1 மட்டும்தான்.

2024-இல் தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை. அந்த மாதச் சம்பளம் வருமுன்பே துணி எடுத்தாக வேண்டும் என்பதால் பலரும் போனஸை நம்பியிருந்தார்கள். 2025-இல் அக்டோபர் 20, திங்கட்கிழமை. முந்தைய சனி, ஞாயிறு இரண்டும் முழுதாகக் கிடைத்தன. ஆக, போன வருஷம் நோட்டீஸ் போட்ட தேதியைப் பார்த்து இந்த வருஷமும் போடலாம் என்பது சரிப்படாது. விளம்பரத்தைப் பண்டிகை நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவதைவிட, ஊருக்குள் பணம் வரும் நாளிலிருந்து எண்ணுவதே சரி.

தென் மாவட்டத்துத் தாலுகா ஊர் ஒன்றில் இரண்டு மாடி ஜவுளிக்கடையை மனதில் வைத்துக்கொள்வோம். கீழே சேலை, மாடியில் ஆண்கள், குழந்தைகள் ரெடிமேட். விளம்பரத்துக்கென்று முதலாளி ஒதுக்கியிருப்பது 2 லட்சம் ரூபாய். இந்தக் கடைக்கு இரண்டு வகையான பணம் வரும். ஒன்று, உள்ளூர்ச் சம்பளக்காரர்களும் ஆலைத் தொழிலாளர்களும் வாங்கும் சம்பளம், போனஸ். சட்டப்படி போனஸ் 8.33 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, 20 சதவீதத்துக்கு மேல் போகாது. எந்தத் தேதியில் கைக்கு வரும் என்பதை அந்தந்த ஆலையில் விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இன்னொன்று, சென்னையிலும் திருப்பூரிலும் வேலை பார்த்துவிட்டுக் கடைசி இரண்டு நாளில் ஊருக்கு வந்து இறங்குகிறவர்களின் பணம். இதே கடை திருப்பூரில் இருந்தால் கணக்கு தலைகீழ். அங்கே போனஸ் வாங்கிய கையோடு துணி எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். கடைசி இரண்டு நாளை வெளியூர்க்காரர்களை நம்பி அங்கே நடத்த முடியாது.

அடுத்தது தையல்காரர். இவரைப் பல கடைக்காரர்கள் கணக்கில் சேர்ப்பதே இல்லை. சேலை எடுத்தால் ஜாக்கெட் தைக்க வேண்டும், ஃபால்ஸ் அடிக்க வேண்டும். நெருக்கத்தில் போனால், “தீபாவளிக்கு முன்னாடி முடியாதுக்கா, வேணும்னா குடுத்துட்டுப் போங்க” என்பார்கள். அதன்பிறகு நீங்கள் எவ்வளவு அழகான சேலைக்கு விளம்பரம் செய்தாலும், அதை எடுப்பவர் பழைய ஜாக்கெட்டுக்குப் பொருத்தமான நிறம் தேடுகிறவராகத்தான் இருப்பார். ஊரிலுள்ள நாலைந்து டெய்லர்களிடம் எப்போது ஆர்டர் எடுப்பதை நிறுத்துவார்கள் என்று கேட்டு வையுங்கள். நம் கடைக்கு அது அக்டோபர் 24, சனிக்கிழமை என்று வைத்துக்கொள்வோம். சேலைக்கான விளம்பரம் அன்றோடு முடிய வேண்டும். பேன்ட் துணி, சட்டைத் துணிக்கும் அதே கதைதான். பிறகு ரெடிமேட். குழந்தைகள் உடைக்கு நவம்பர் 1-ஐச் சுற்றிய நாட்கள். ஆண்கள் சட்டை, வேட்டி, நைட்டி கடைசி நாள் இரவு வரை போகும். ஒரே பண்டிகைக்கு மூன்று கடைசித் தேதிகள் இருக்கும்போது, எல்லாவற்றையும் ஒரே நோட்டீஸில் அடைத்து ஒரே நாளில் விநியோகிப்பது பணத்துக்குப் பிடித்த கேடு.

இந்த இடத்தில் புரட்டாசி கைகொடுக்கிறது. செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை ஓடும் அந்த மாதத்தில் கல்யாணங்கள் குறைவு. ஆவணி முகூர்த்த வேலை முடிந்து டெய்லர்களுக்குக் கை ஓய்ந்திருக்கும். சேலையை முதலில் விற்க அதுவே காலம். யாரிடம் விற்பது என்பதற்கும் விடை கடையிலேயே இருக்கிறது. போன தீபாவளிக்குப் பிறகு முகூர்த்தப் பட்டு எடுத்த குடும்பங்களின் பில்லைத் தேடி எடுங்கள். அவர்களுக்கு இது தலைதீபாவளி. மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும், அவர்களோடு சம்பந்தி வீட்டாருக்கும் எடுப்பார்கள். தள்ளுபடிக்காகக் கடைசிவரை காத்திருக்க மாட்டார்கள். செப்டம்பர் கடைசி வாரத்தில் முதலாளியே போன் செய்து, “அண்ணாச்சி, தலைதீபாவளி சரக்கு வந்திருக்கு, கூட்டம் சேர்றதுக்கு முன்னாடி வந்து பாருங்க” என்று சொன்னால் போதும். செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. என்னைக் கேட்டால், இந்தப் பட்டியல்தான் கடையின் மிகச் சிறந்த விளம்பரம்.

ஊருக்கெல்லாம் ஆவலைக் கிளப்பும் முன்னோட்டம் அக்டோபர் 1 முதல் 10 வரை போதும். அதற்கு மேல் நீட்டினால் அலுத்துவிடும். இதில் இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று, ‘விரைவில் மாபெரும் தள்ளுபடி’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது. சொன்ன மறுநாளே நடப்பு வியாபாரம் படுத்துவிடும். பத்து நாள் பொறுத்தால் மலிவாகக் கிடைக்கும் என்று தெரிந்தவர் இன்றைக்கு ஏன் எடுக்கப்போகிறார்? முன்னோட்டத்தில் சரக்கைக் காட்டலாம், விலைக்குறைப்பை வாய்விடக் கூடாது. மற்றது, சரக்கு வந்து சேருமுன் படத்தைப் போட்டுவிடுவது. சூரத்திலிருந்து வரும் பேல் லாரி ஷெட்டில் கிடக்கும். இங்கே வாடிக்கையாளர் செல்போனை நீட்டி, “அண்ணே, இந்தச் சேலை இருக்கா?” என்பார். அப்படி ஒருமுறை ஏமாந்தவர், அடுத்தமுறை படத்தைப் பார்த்து வரமாட்டார். பேலைப் பிரித்து, விலைச் சீட்டு ஒட்டி, ஒரு டிசைனில் நாலைந்து நிறமும் நிறத்துக்கு ஆறு சேலையாவது கையிருப்பும் இருந்த பிறகே அதைப் படமெடுக்க வேண்டும்.

முன்னோட்ட நாட்களுக்கு இன்னொரு வேலை உண்டு. வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரைதான் சேர்க்க முடியும். அதைவிட முக்கியமாக, கடையின் எண்ணைத் தன் போனில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச்சேரும். ஐயாயிரம் எண்கள் கையில் இருக்கிறதென்று பெருமைப்படும் கடையின் செய்தி சில நூறு பேருக்குத்தான் போயிருக்கும். அதனால் பில் போடும் இடத்திலேயே, “நம்ம கடை நம்பரைச் சேவ் பண்ணிக்கோங்க, புதுச் சரக்கு வந்தா படம் அனுப்புறோம்” என்று சொல்லி, சம்மதம் கேட்டுச் சேர்க்க வேண்டும். எஸ்.எம்.எஸ். அனுப்ப நினைப்பவர் கடையின் பெயரையும் வாசகத்தையும் டி.எல்.டி. தளத்தில் முன்பே பதிவு செய்து அனுமதி வாங்கியிருக்க வேண்டும். விளம்பரச் செய்தி காலை 10 மணிமுதல் இரவு 9 மணிவரைதான் போகும். தீபாவளிக்கு முந்தைய வாரம் இதைத் தொடங்கினால் ஆகாத காரியம்.

அக்டோபர் 11 முதல் வெளிப்படையான விளம்பரம். சேலைப் படங்கள், லோக்கல் கேபிளில் விளம்பரம், ஞாயிற்றுக்கிழமை பேப்பருக்குள் நோட்டீஸ். 19, 20 தேதிகளில் ஆயுதபூஜை, விஜயதசமி விடுமுறை. வீட்டோடு கடைக்கு வருவார்கள், டெய்லரும் இன்னும் ஆர்டர் எடுத்துக்கொண்டிருப்பார். சேலைப் பகுதிக்கு உண்மையான தீபாவளி இந்த இரண்டு நாள்தான். மொத்தப் பணத்தில் 70,000 ரூபாய் இதற்குள் செலவாகியிருக்கலாம்.

தள்ளுபடி அறிவிப்பு அக்டோபர் 25-க்குப் பிறகு, ரெடிமேட் பக்கம் மட்டும். இங்கே ஒரு வரிக்கணக்கு இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், 2,500 ரூபாய் வரையிலான ரெடிமேட் உடைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 18. வரிக்கு முன் 2,700 ரூபாய் விலையுள்ள பெண் குழந்தை கவுன் ஒன்று வரியோடு 3,186 ஆகும். பில்லிலேயே 10 சதவீதம் தள்ளினால் விலை 2,430, வரியோடு 2,551 ரூபாய் 50 காசு. கடைக்காரர் விட்டது 270, வாங்குகிறவருக்கு மிச்சம் 634 ரூபாய் 50 காசு. அதே 270 ரூபாய்க்கு ஒரு டிபன் பாக்ஸை இலவசமாகக் கொடுத்தால் இந்த லாபம் கிடைக்காது. அந்த விலைக்குச் சற்று மேலே நிற்கும் சரக்கைப் பார்த்து, ஆடிட்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுத் தள்ளுபடியை அங்கே வைப்பது நல்லது.

நவம்பர் 1-க்கு இன்னொரு 60,000. அன்றைக்குக் கூட்டத்தை வரவழைப்பது சுலபம், சமாளிப்பதுதான் கஷ்டம். பில் கவுன்டரில் வரிசை நீண்டால் கையிலெடுத்த துணியை அப்படியே வைத்துவிட்டுப் போவார்கள். சாயங்காலம் மூலைகளில் குவிந்து கிடக்கும் துணியைப் பாருங்கள். அது விளம்பரத்தின் தோல்வி இல்லை, கூடுதலாக ஒரு பில் மெஷின் போடாததன் விலை.

மீதி 70,000-இல் 50,000-ஐ வடகிழக்குப் பருவமழைக்காகத் தொடாமல் வைக்கச் சொல்வேன். அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் ஒரு ஞாயிறு மழையில் போவது புதிதல்ல. நவம்பர் 1 கொட்டித் தீர்த்தால், திங்கள் காலையிலேயே ஆட்டோவில் மைக் கட்டி, கேபிளில் புது வாசகம் போட்டு, வாட்ஸ்அப்பில் இரவு எத்தனை மணிவரை கடை திறந்திருக்கும் என்று சொல்லப் பணம் வேண்டும். மழை வராவிட்டால், 6, 7 தேதிகளில் ஊர் திரும்புகிறவர்களுக்காக பஸ் ஸ்டாண்ட் பக்கம் அதைச் செலவழிக்கலாம். அவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே: எல்லா சைஸும் இருக்கிறது. ஆகவே, நோட்டீஸில் அச்சிடும் முன் 38, 40, 42 சட்டைகள் உண்மையிலேயே இருக்கின்றனவா என்று மாடிக்குப் போய் எண்ணிப் பார்க்க வேண்டும்.

எது பலித்தது என்று அறிய ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். பேப்பர் நோட்டீஸில் வெட்டிக் கொண்டுவரும் கூப்பன், வாட்ஸ்அப்பில் ஒரு தனி வார்த்தை, கேபிளில் வேறு வார்த்தை. பில் போடுகிற பெண் கேட்டு ஒரு கோடு போட்டால் ஆயிற்று. தினமும் பில்களின் எண்ணிக்கையையும் சராசரிப் பில் தொகையையும் பக்கத்தில் எழுத வேண்டும். கூட்டம் ஏறி, பில் எண்ணிக்கை ஏறாவிட்டால் கோளாறு சரக்கிலோ விலையிலோ இருக்கிறது. அங்கே மேலும் விளம்பரம் செய்வதால் பயனில்லை.

மிச்சமிருக்கும் 20,000 பண்டிகைக்குப் பிந்தைய வேலைக்கு. நவம்பர் 10 முதல் ஒரு வாரம் சைஸ் மாற்றிக் கேட்டு வருவார்கள். அதற்கென்று தனி கவுன்டரும் அனுபவமுள்ள ஒரு ஆளும் இருந்தால், வந்தவர் வெறுங்கையோடு திரும்புவது குறையும். மீந்த சரக்கை அதே வாரம் பாதி விலைக்குத் தள்ள வேண்டாம். முழு விலை கொடுத்துப் பத்து நாள்கூட ஆகாதவர் அதைப் பார்த்தால், அடுத்த தீபாவளிக்குக் கடைசிவரை காத்திருப்பார். நல்ல குழந்தை உடைகளை மடித்து வைத்தால் டிசம்பரில் கிறிஸ்துமஸுக்குப் போகும். மூன்றாவது வாரத்தில், பட்டியலில் உள்ளவர்களுக்கு நன்றியோடு பொங்கல் கூப்பன் ஒன்றை அனுப்பலாம். எந்த சைஸ் முதலில் தீர்ந்தது, எந்த நிறம் அப்படியே நின்றது என்ற விவரத்தை மட்டும் நவம்பர் முடிவதற்குள் எழுதிவிட வேண்டும். பொங்கல் வேட்டி, சட்டைக்கு ஈரோட்டுக்குப் பர்ச்சேஸ் கிளம்பும்போது பையில் இருக்க வேண்டியது அந்த நோட்டுதான்.