256 கோடுகளுக்குள் ஒரு குரல்

அர்டுயினோ நானோ 33 பிஎல்இ சென்ஸ் என்ற மின்னணுப் பலகை விரல் நீளம்தான் இருக்கும். அதற்குள்ளேயே ஒரு மைக் உண்டு. நிரல் தங்கும் ஃபிளாஷ் நினைவகம் 1 மெகாபைட். வேலை செய்யும் நினைவகம் 256 கிலோபைட். இணையம் எதுவும் இல்லாமல், பேட்டரியில் ஓடியபடியே, யாராவது ‘யெஸ்’ என்றால் பச்சை விளக்கையும் ‘நோ’ என்றால் சிவப்பு விளக்கையும் எரியவிட அதைப் பழக்கலாம். கூகுளின் டென்சர்ஃப்ளோ குழு வெளியிட்ட பிரபலமான மாதிரி நிரல் இது.

இதில் உள்ள நியூரல் நெட்வொர்க் மிகச் சிறியது. ஒரு நொடி ஒலியை 49 வரிசை, 40 நெடுவரிசை கொண்ட எண் அட்டவணையாக வாங்கிக்கொள்ளும். அதன் மேல் எட்டு வடிகட்டிகளை ஓட்டி, மௌனம், அறியாத சொல், யெஸ், நோ என்ற நான்கில் ஒன்றைப் பதிலாகத் தரும். பயிற்சியில் அது கற்றதெல்லாம் சுமார் 16,650 எண்களாக உள்ளே இருக்கிறது. இந்த எண்களை ‘எடை’ என்பார்கள். கணினியில் பயிற்சி முடியும்போது ஒவ்வோர் எடையும் தசம எண். நான்கு பைட் பிடிக்கும். மொத்தம் 66 கிலோபைட். ஒவ்வொன்றையும் ஒரே பைட்டில் அடங்கும் முழு எண்ணாக மாற்றினால் 17 கிலோபைட்டுக்குள் வந்துவிடும். இந்த மாற்றம்தான் குவாண்டைசேஷன்.

இடம் மிச்சமாவதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது பேட்டரி. இந்தச் சின்ன நெட்வொர்க்கே ஒருமுறை பதில் சொல்ல சுமார் 3,36,000 பெருக்கல்களைச் செய்கிறது. பலகையில் உள்ள கார்டெக்ஸ்-எம்4 பிராசஸர், சிறிய முழு எண்களாக இருந்தால் ஒரே கட்டளையில் இரண்டு பெருக்கல்களை முடித்துவிடும். தசம எண்களுக்கு அந்த வசதி இல்லை. இன்னும் மலிவான சில்லுகளில் தசமக் கணக்குக்கான சுற்றே கிடையாது. ஒவ்வொரு தசமப் பெருக்கலையும் பல படிகளாக உடைத்துத்தான் செய்யவேண்டும். கணக்கு சீக்கிரம் முடிந்தால் பிராசஸர் சீக்கிரம் தூங்கப் போகும். தூங்கும் நேரம்தான் பேட்டரியின் ஆயுள்.

மாற்றுவது எப்படி? 256 கோடுகள் மட்டுமே உள்ள ஓர் அளவுகோலை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த எண்ணானாலும் பக்கத்துக் கோட்டில்தான் உட்கார வேண்டும். ஓர் அடுக்கில் உள்ள மிகப் பெரிய எடை 0.508 என்று வைத்துக்கொள்வோம். அதை 127ஆம் கோட்டில் நிறுத்தினால் இரு கோடுகளுக்கு இடையே 0.004. இப்போது 0.3137 என்ற எடை 78ஆம் கோட்டில் உட்காரும்; திருப்பிப் படித்தால் 0.312. இழப்பு இரண்டாயிரத்தில் மூன்று நான்கு பங்குதான். ஆயிரக்கணக்கான பெருக்கல்களைக் கூட்டும்போது இத்தகைய சிறு பிழைகள் கூடியும் குறைந்தும் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும்.

அதே அடுக்கில் ஒரே ஓர் எடை மட்டும் 12.7 என்று இருந்துவிட்டால் கதை மாறிவிடும். கோடுகளின் இடைவெளி 0.1 ஆகிறது. 0.04 என்ற எடை பூஜ்யமாகிவிடும். அதைப் போன்ற சின்ன எடைகள் கற்றதெல்லாம் அழிந்துபோகும். 2018இல் கூகுளில் இருந்த ரகுராமன் கிருஷ்ணமூர்த்தி வெளியிட்ட ஆய்வறிக்கையில் இதற்குத் தெளிவான சான்று உண்டு. படங்களை அடையாளம் காணும் மொபைல்நெட், தசம எண்களில் 70 சதவீதத்துக்குமேல் சரியாகச் சொன்னது. அடுக்குக்கு ஒரே அளவுகோல் என்று எடைகளை மாற்றியதும் ஏறக்குறைய எதையுமே சரியாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு வடிகட்டிக்கும் தனித்தனி அளவுகோல் தந்ததும் துல்லியம் பெருமளவு மீண்டது. பைட் எண்ணிக்கை மாறவில்லை. அளவுகோலின் முனைகளை எங்கே வைத்தார்கள் என்பதுதான் மாறியது.

எடைகள் நம் கையில் இருப்பதால் முனைகளைப் பார்த்தே வைக்கலாம். ஆனால் ஒலி வந்தபின் அடுக்குகளிடையே ஓடும் எண்கள் எவ்வளவு பெரிதாகும் என்பது முன்கூட்டித் தெரியாது. அதனால் மாற்றும்போது மாதிரிக்குச் சில நூறு ஒலிப்பதிவுகளை ஓட்டி, எண்கள் எங்கிருந்து எங்குவரை போகின்றன என்று குறித்துக்கொள்வார்கள். தவறு அதிகம் நடப்பது இங்கேதான் என்பேன். மாதிரிகள் எல்லாம் அமைதியான அறையில் மெல்லப் பேசியவையாக இருந்தால் முனைகள் நெருக்கமாக அமையும். பிறகு ஒருவர் பலகைக்கு அருகில் வந்து உரக்கச் சொன்னால், எண்கள் 127ஆம் கோட்டைத் தாண்ட முடியாமல் அங்கேயே குவிந்துவிடும். உரத்த குரல்களுக்கிடையே உள்ள வேறுபாடு தொலைந்துபோகும்.

இதைக் கண்டுபிடிக்க மொத்தத் துல்லியத்தைப் பார்த்தால் போதாது. மௌனமும் அறியாத சொல்லும் சரியாக வருவதால் சராசரி நன்றாகவே தெரியும். யெஸ், நோ இரண்டையும் தனித்தனியே, குரல் அளவு வாரியாகப் பார்க்க வேண்டும். கூடவே ஒவ்வோர் அடுக்கின் வெளியீட்டில் 127 எத்தனை முறை வருகிறது என்று எண்ண வேண்டும். மறுமுனையில் -128 நிறைய வந்தால் பயப்படத் தேவையில்லை. எதிர்மறை எண்களைப் பூஜ்யமாக்கும் அடுக்குகளில் பூஜ்யத்தின் இடமே அதுதான்.

முனைகளைச் சரிசெய்தும் துல்லியம் வரவில்லை என்றால், பயிற்சியின்போதே எண்களைக் கோடுகளுக்கு நகர்த்தி, அந்தப் பிழையோடு கற்கச் சொல்லலாம். நேரம் பிடிக்கும் வழி என்பதால் கடைசியில்தான் அதற்குப் போவது நல்லது. அதற்குமுன் ஒரு சோதனை உண்டு. ஒரே ஒலிப்பதிவின் எண் அட்டவணையைக் கணினியில் உள்ள ஒரு பைட் நெட்வொர்க்குக்கும் பலகைக்கும் கொடுத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே பதில் சொல்லி, மைக்கில் பேசும்போது மட்டும் பலகை தவறினால், குறை குவாண்டைசேஷனில் இல்லை. மைக் ஒலியை அட்டவணையாக்கும் இடத்தில் தேட வேண்டும்.